வகுப்புப் பதிவை நோட்ஸாக மாற்றுவது எப்படி? ஒரு கான்கிரீட் வகுப்பை வைத்து ஒரு விளக்கம்

கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் பரீட்சைக்கு முந்தைய வாரம் ஒரு ஃபைல் வந்து விழும். "இன்னைக்கு கிளாஸ் நோட்ஸ்" என்று பெயர் இருக்கும். திறந்து பார்த்தால், சார் ஐம்பது நிமிடம் பேசியதை போனில் பதிவு செய்து, அதை ஏதோ ஒரு மென்பொருள் எழுத்தாக்கிக் கொடுத்ததை அப்படியே ஒட்டியிருப்பார்கள். கொஞ்சம் அக்கறை உள்ளவர் எழுத்துப்பிழை திருத்தி, பத்தி பிரித்து, தடித்த எழுத்தில் நாலு தலைப்பும் போட்டிருப்பார். இன்னும் அக்கறை உள்ளவர் அதைப் பாதியாகச் சுருக்கியிருப்பார்.

இதெல்லாம் செய்தாலும் அது நோட்ஸ் ஆகிவிடாது. பிழை திருத்தினால் பிழையில்லாத பேச்சு கிடைக்கும், சுருக்கினால் சின்னப் பேச்சு கிடைக்கும். நோட்ஸ் வேண்டுமென்றால் அடுக்கும் வரிசையையே மாற்ற வேண்டும்.

## பேச்சின் வரிசை வேறு, பாடத்தின் வரிசை வேறு

கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவரின் பையில் காய்கள் எந்த வரிசையில் இருக்கும்? கடைகள் வந்த வரிசையில்தான். அடியில் உருளைக்கிழங்கு, மேலே கீரை, நடுவில் மறந்துபோய் திரும்பப் போய் வாங்கிய இஞ்சி. வீட்டுக்கு வந்ததும் அந்த வரிசைக்கு எந்த மதிப்பும் கிடையாது. வாடுவது ஒரு பக்கம், தாங்குவது ஒரு பக்கம் என்று எடுத்து வைக்கிறோம். அழுகியதைத் தூக்கிப் போடுகிறோம்.

டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கிய படி, அந்தப் பை மாதிரிதான். அதில் உள்ளவை சார் வாயிலிருந்து வந்த நேர வரிசையில் கிடக்கின்றன. விளக்கம் பாதியில் நிற்கும், இன்னொரு உதாரணம் குறுக்கே வரும், பத்து நிமிடம் கழித்து விட்ட பாதி தொடரும். நோட்ஸில் எது எதற்குக் காரணம், எது எதற்கு உதாரணம் என்ற உறவு வரிசை இருக்க வேண்டும். இந்த வரிசை மாற்றத்தைச் செய்யாமல் எத்தனை தலைப்பு போட்டாலும், பையின் மேல் ஒட்டிய சீட்டுதான் அது.

## எழுத்தாக்கும்போது என்ன கெட்டுப்போகிறது

வரிசையை மாற்றும் முன் சரக்கு நம்பத்தகுந்ததா என்று பார்க்க வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுவதில்லை. இந்த ஒலிகளுக்கு, இந்தச் சொற்களுக்கு அடுத்து, எந்தச் சொல் வர அதிக வாய்ப்பு என்று கணக்குப் போட்டு எழுதுகிறது. அதனால் எல்லோரும் பேசும் சொற்கள் சரியாக விழும். பாடத்துக்கே உரிய அரிய சொற்களின் இடத்தில், ஒலியில் நெருங்கிய பழகிய சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தப் பிழைகள் பிழை மாதிரியே தெரியாது. "ஹைட்ரேஷன்" என்பது "ஐடி ரேஷன்" ஆகும். "ரேஷியோ" என்பது "ரேடியோ" ஆகும். போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் "க்யூரிங்" என்பது "டியூரிங்" ஆகும். எல்லாமே ஒழுங்கான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இவற்றின் கீழே சிவப்புக் கோடு போடாது. சென்னை வகுப்புகளில் தமிழும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவதால் இது இன்னும் கூடும். மென்பொருளைத் தமிழுக்கு வைத்தால் ஆங்கிலச் சொல் நசுங்கும், ஆங்கிலத்துக்கு வைத்தால் தமிழ் காணாமலே போகும். தமிழ் எழுத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலத்தின் P, B இரண்டு ஒலிக்கும் தமிழில் "ப" என்ற ஒரே எழுத்து என்பதால் சாதாரண சிமென்டான ஓபிசியை இட ஒதுக்கீட்டுப் பட்டியல் என்றும், கலப்பு சிமென்டான பிபிசியை லண்டன் செய்தி நிறுவனம் என்றும் படிக்க இடமிருக்கிறது.

சொல் பிழையை விட ஆபத்தானவை இரண்டு.

ஒன்று, எண்கள். "பாயின்ட் ஃபோர் ஃபைவ்" என்று வேகமாகச் சொன்னால் 4.5 என்று விழலாம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும், தர்ட்டீனும் தர்ட்டியும் மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றாகக் கேட்கும்.

இன்னொன்று, எதிர்மறை. பேச்சுத் தமிழில் "வருது", "வராது" இரண்டுக்கும் நடுவே ஒரு நெடில்தான் வித்தியாசம். "ஆகுது", "ஆகாது" என்பதும் அப்படியே. அந்த நெடில் விழுங்கப்பட்டால் வாக்கியம் அழகாகவே இருக்கும், பொருள் மட்டும் தலைகீழாகிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: டிரான்ஸ்கிரிப்ட் நேர வரிசையில் இருக்கிறது, அதிலுள்ள கலைச்சொல், எண், எதிர்மறை மூன்றையும் ஒலியைக் கேட்காமல் நம்ப முடியாது. இனி வேலைக்குப் போகலாம்.

## ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம்

சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு கான்கிரீட் வகுப்பு ஒன்றின் எழுத்துப் படி இப்படி இருக்கும். மாதிரிக்காக அமைத்தது. ஆனால் இந்த மாதிரிப் படியைக் கையில் எடுத்தவர்களுக்கு எல்லாமே பழகிய முகங்களாக இருக்கும்.

> [11:20] டியூரிங் ஒரு அஞ்சு நாள் பண்ணணும் அத அப்புறம் பாப்போம்
>
> [23:10] ஸோ வாட்டர் சிமென்ட் ரேடியோ அதான் முக்கியம் ஓகேவா தண்ணி அதிகமானா என்ன ஆகும் ஸ்ட்ரெங்த் குறையும் ஏன் குறையும்
>
> [23:31] ஐடி ரேஷனுக்கு தேவையானது போக மிச்ச தண்ணி என்ன பண்ணும் ஆவியா போகும் போன இடமெல்லாம் காலி வாய்டு
>
> [23:52] பின் பெஞ்ச் அந்த ஃபோன உள்ள வை ஆங் எங்க விட்டேன் வாய்டு
>
> [24:05] இப்ப நம்ம மெட்ராஸ்ல கடல் பக்கம் கட்டுறீங்கன்னா கோட்ல சிவியர் 4.5 தான் மேக்ஸிமம் எம் தர்ட்டி மினிமம்
>
> [24:30] சைட்ல மேஸ்திரி கலவை கெட்டியா இருக்குன்னு ஒரு பக்கெட் ஊத்துவாரு ஊத்த விடுங்க இங்க பாருங்க இந்த கர்வ் எப்படி இறங்குது
>
> [24:48] முன்னாடி அஞ்சு நாள் சொன்னேன்ல இல்ல ஏழு நாள் ஓபிசிக்கு பிபிசின்னா பத்து

சதுர அடைப்பில் இருப்பது நேரக்குறி, அதாவது அந்தப் பேச்சு பதிவில் வரும் நிமிடமும் நொடியும். பலர் "சுத்தம் செய்கிறேன்" என்று முதல் வேலையாக இதை அழிக்கிறார்கள். அழிக்கவே கூடாது. சந்தேகம் வந்தால் ஒலியில் எங்கே போய்க் கேட்பது என்று சொல்லும் ஒரே வழிகாட்டி இதுதான். கடைசிச் சரிபார்ப்பு முடியும் வரை ஒவ்வொரு துண்டோடும் அதன் நேரக்குறி ஒட்டியே இருக்கட்டும், துண்டை வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் சரி.

## முதல் சுற்று: பழுது பார்த்தல்

முதலில் எதையும் சுருக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். சந்தேகப்படும் சொற்களைத் தேடுங்கள். பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் தலைப்புகளையும் பின்பக்கச் சொல்லடைவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், எந்தக் கலைச்சொற்கள் வந்திருக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிடும். வகுப்பு கான்கிரீட் பற்றியது. அதில் ரேடியோவுக்கு வேலை இல்லை. ரேஷியோ என்று ஒரு முறை கண்டுபிடித்தால் ஃபைல் முழுவதும் தேடி மாற்றலாம். ஆனால் "டியூரிங்" போன்ற சொல்லை ஒரேயடியாக மாற்றாதீர்கள். "டியூரிங் மிக்ஸிங்" என்று சார் உண்மையிலேயே சொல்லியிருந்தால் அதுவும் க்யூரிங் ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

எண்களுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு: அந்த எண்ணை ஒரு பொருளாக மாற்றிப் பாருங்கள். வாட்டர் சிமென்ட் ரேஷியோ என்பது கலவையில் உள்ள தண்ணீரின் எடையைச் சிமென்டின் எடையால் வகுத்தது. ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. 4.5 என்றால் ஒரு மூட்டைக்கு 225 லிட்டர் தண்ணீர். அது கான்கிரீட் ஆகாது, சாம்பல் நிறக் குளமாகும். 0.45 என்றால் 22.5 லிட்டர். நம்பும்படி இருக்கிறது. அதோடு சார் "கோட்" என்று சொன்னதால், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐஎஸ் 456-ஐப் புரட்டினால், கடலோரச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட் "சிவியர்" வகை என்றும், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அந்த வகையில் விகிதம் அதிகபட்சம் 0.45, தரம் குறைந்தபட்சம் எம்30 என்றும் இருக்கும். எண் உறுதியாகிவிட்டது, "தர்ட்டி" தர்ட்டீன் அல்ல என்பதும் உறுதியாகிவிட்டது.

24:30-இல் "ஊத்த விடுங்க" என்று இருக்கிறது. முந்தைய ஒரு நிமிடம் முழுக்க தண்ணீர் கூடினால் வலிமை குறையும் என்று சொன்னவர், மேஸ்திரி ஊற்றுவதை அனுமதிக்கச் சொல்வாரா? வாக்கியம் சுற்றியுள்ள வாதத்தோடு மோதினால் உடனே ஒலிக்குப் போக வேண்டும். போய்க் கேட்டால் "ஊத்த விடாதீங்க". இந்த ஒரு இடத்தைப் பிடிக்காமல் விட்டிருந்தால், நோட்ஸ் பார்க்க எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது தவறான பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கும்.

"இங்க பாருங்க இந்த கர்வ்" என்பது இன்னொரு வகைச் சிக்கல். இதில் கேட்டதில் பிழை ஏதுமில்லை, பார்த்ததுதான் பதிவில் இல்லை. சார் போர்டைக் காட்டிப் பேசுகிறார். போர்டின் படம் இருந்தால் அங்கே சேர்க்கலாம். இல்லையென்றால் கற்பனையாக நிரப்பாமல் "போர்டில் வளைகோடு, 24:30" என்று காலி இடம் விட வேண்டும்.

## இரண்டாம் சுற்று: ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை

பழுது பார்த்த பிறகு, படியைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். துண்டு என்பது ஒரே ஒரு வேலையைச் செய்யும் பேச்சுப் பகுதி. அது ஒரு வாக்கியமாகவும் இருக்கலாம், ஐந்து வாக்கியமாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது செய்யும் வேலையை ஒரு சொல்லில் எழுதுங்கள்: வரையறை, காரணம், விதி, உதாரணம், எச்சரிக்கை, திருத்தம், குப்பை. இவ்வளவு போதும். இருபது வகை வைத்தால் எது எந்த வகை என்று யோசிப்பதிலேயே நேரம் போய்விடும்.

நம் மாதிரியில் 23:10 விதியும் கேள்வியும். 23:31 காரணம். 23:52 குப்பை; ஆனால் கடைசியில் "வாய்டு" என்று சார் திரும்பிப் பிடிப்பதால், முன் துண்டு முடியவில்லை, தொடர்கிறது என்று அது சொல்கிறது. 24:05 எண்ணோடு கூடிய விதி. 24:30 எச்சரிக்கை. 24:48 திருத்தம்.

இந்த வகைகளில் அதிகம் தவறவிடப்படுவது திருத்தம்தான். நேர வரிசையில் படித்துக்கொண்டே நோட்ஸ் எழுதுபவர் 11:20-இல் "க்யூரிங் ஐந்து நாள்" என்று எழுதிவிடுவார். பதின்மூன்று நிமிடம் கழித்து சார் அதை ஏழாக மாற்றும்போது, அது வேறு பக்கத்தில் வேறு தலைப்பின் கீழ் விழும். ஒரே நோட்ஸில் ஐந்தும் இருக்கும், ஏழும் இருக்கும். பரீட்சைக்கு முந்தைய இரவில் எது சரி என்று யாருக்கும் தெரியாது. இதைத் தவிர்க்க, ஃபைலில் "இல்ல", "சாரி", "முன்னாடி சொன்னேன்ல", "அதாவது" ஆகிய நான்கையும் தேடுங்கள். பேசுபவர்கள் தம்மைத் திருத்திக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். பழைய கூற்றை நீக்கி, புதியதை மட்டும் வைக்க வேண்டும்.

சார் தானே கேட்டுத் தானே பதில் சொல்லும் கேள்விகளையும் குப்பையில் போடாதீர்கள். "ஏன் குறையும்" என்று கேட்கும் இடத்தில் ஒரு தலைப்பு தயாராக இருக்கிறது.

சுருங்கச் சொன்னால், முதல் சுற்றில் சொன்னது என்ன என்று உறுதி செய்தோம். இரண்டாம் சுற்றில் அது எதற்காகச் சொல்லப்பட்டது என்று குறித்தோம். நகர்த்தும் வேலை இனிமேல்தான்.

## தலைப்பும் கலைச்சொல்லும்

ஒரே விஷயத்தைப் பற்றிய துண்டுகளை, அவை எந்த நிமிடத்தில் வந்திருந்தாலும், ஒன்றாகக் கொண்டுவாருங்கள். அதற்குள் விதி, காரணம், எண், எச்சரிக்கை என்ற வரிசை பெரும்பாலான இன்ஜினியரிங் பாடங்களுக்குப் பொருந்தும். பிறகுதான் தலைப்பு. "வாட்டர் சிமென்ட் ரேஷியோ" என்று வைத்தால் அதன் கீழ் எதை வேண்டுமானாலும் கொட்டலாம், எது விடுபட்டது என்றும் தெரியாது. "தண்ணீர் கூடினால் வலிமை ஏன் குறைகிறது" என்று வைத்தால், கீழே அதற்கான பதில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். தலைப்பைப் படித்துவிட்டு உள்ளே உள்ளதை மூடிக்கொண்டு பதில் சொல்ல முடிந்தால் அது நல்ல தலைப்பு.

கலைச்சொல் எது என்பதில் தாராளம் வேண்டாம். தடித்த எழுத்தில் பக்கத்துக்கு இருபது சொல் இருந்தால் எதுவுமே தடித்ததாகத் தெரியாது. இரண்டு சோதனை வையுங்கள்: அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த வாக்கியம் புரியுமா? வகுப்பில் அது மறுபடி மறுபடி வருகிறதா? முதலாவதுக்கு "புரியாது" என்றும், இரண்டாவதுக்கு "வருகிறது" என்றும் பதில் வந்தால் மட்டுமே அது பட்டியலுக்கு. ஒரு முறை வரையறை எழுதுங்கள், அதன் பிறகு எல்லா இடத்திலும் அதே வடிவத்தில் எழுதுங்கள். சார் ஒரு முறை "ரேஷியோ" என்றும் ஒரு முறை "டபிள்யூ பை சி" என்றும் சொல்லலாம். நோட்ஸ் அப்படி மாற்றி மாற்றி எழுதினால், படிப்பவர் இரண்டும் வேறு வேறு என்று நினைப்பார்.

ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடப் பேச்சும், 11:20-இல் இருந்து வந்த ஒரு வரியும் கடைசியில் இப்படி நிற்கும்:

> தண்ணீர் கூடினால் வலிமை ஏன் குறைகிறது?
>
> வாட்டர் சிமென்ட் ரேஷியோ: தண்ணீரின் எடை ÷ சிமென்டின் எடை. [23:10, வரையறை புத்தகத்திலிருந்து]
>
> ஹைட்ரேஷன்: சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவது. [23:31, வரையறை புத்தகத்திலிருந்து]
>
> ஹைட்ரேஷனுக்குத் தேவையானது போக மிஞ்சும் தண்ணீர் ஆவியாகிறது. அது இருந்த இடம் வெற்றிடமாக நின்றுவிடுகிறது. அதனால் வலிமை குறைகிறது. [23:31]
>
> கடலோரக் கட்டடம் (சிவியர் வகை): ரேஷியோ அதிகபட்சம் 0.45, தரம் குறைந்தபட்சம் எம்30. [24:05, ஐஎஸ் 456-இல் சரிபார்த்தது]
>
> எச்சரிக்கை: கெட்டியாக இருக்கிறது என்று சைட்டில் தண்ணீர் சேர்க்க விடக்கூடாது. [24:30, ஒலி கேட்டுத் திருத்தியது]
>
> என் கணக்கு: ஒரு மூட்டைக்கு 22.5 லிட்டர். கூட 5 லிட்டர் ஊற்றினால் 27.5 ÷ 50 = 0.55.
>
> ❓ போர்டில் வளைகோடு. [24:30]
>
> க்யூரிங் எத்தனை நாள்?
>
> ஓபிசிக்கு 7 நாள், பிபிசிக்கு 10 நாள். [24:48, 11:20-இல் சொன்ன ஐந்து நாள் திருத்தப்பட்டது]

"என் கணக்கு" என்று தனியாகக் குறித்திருப்பதைக் கவனியுங்கள். சார் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை. வகுப்பில் சொன்னது, புத்தகத்திலிருந்து சேர்த்தது, எழுதுபவர் தானே போட்டது ஆகிய மூன்றும் கலந்துவிட்டால், நாளைக்குத் தப்பு எங்கிருந்து வந்தது என்று தேட வழி இருக்காது. "குறைந்தபட்சம்" போன்ற சொற்களையும் சுருக்கும் வேகத்தில் விட்டுவிடாதீர்கள். க்யூரிங் நாள்களும் கோடில் குறைந்தபட்ச அளவுகளே. சார் அந்தச் சொல்லைச் சொல்லாததால் இங்கே எழுதவில்லை. அதைச் சேர்ப்பதென்றால், "கோடிலிருந்து" என்று குறித்துச் சேர்க்க வேண்டும்.

## முடித்த பிறகு எதை மறுபடி கேட்பது

முழுப் பதிவையும் இரண்டாம் முறை கேட்க யாருக்கும் நேரமில்லை, தேவையும் இல்லை. முடித்த நோட்ஸில் உள்ள எண்களையும், "கூடாது", "இல்லை", "ஆகாது" வரும் வரிகளையும் மட்டும் எடுத்து, அவற்றின் நேரக்குறிக்குப் பத்து நொடி முன்னால் இருந்து கேட்டால் போதும். பத்து நொடி முன்னால் என்பது முக்கியம். சரியாக அந்த நொடியில் தொடங்கினால் வாக்கியத்தின் எழுவாய் காதில் விழாது. கேட்டுச் சரியான வரிகளின் நேரக்குறியை அழித்துவிடலாம். கேள்விக்குறி போட்டவை மட்டும் நேரக்குறியோடு நிற்கட்டும், அடுத்த வகுப்புக்கு முன் சாரிடம் காட்டிக் கேட்க அதுதான் வசதி. "சார், போன கிளாஸ்ல ஒரு டவுட்" என்று மொட்டையாகக் கேட்பதை விட, எந்த இடத்தில் எந்த வளைகோடு என்று காட்டினால் அவருக்கும் உடனே ஞாபகம் வரும்.

பதிவு செய்யும்போதே கொஞ்சம் கவனித்தால் இந்தக் கேள்விக்குறிகள் குறையும். போனை மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள பெஞ்சில் வைக்காமல், சாரிடம் கேட்டுக்கொண்டு முன் மேஜையில், ஒரு கைக்குட்டையின் மேல் வையுங்கள். மேஜையின் அதிர்வு பதிவில் அதிகம் ஏறாது. போர்டை அழிக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுங்கள். படக் கோப்பில் எடுத்த நேரம் பதிவாகிவிடும் என்பதால், பதிவு தொடங்கிய நேரத்தை அதிலிருந்து கழித்தால் படம் எந்த நேரக்குறிக்கு உரியது என்று தெரிந்துவிடும்.

ஒரு வகை வகுப்புக்கு மட்டும் இந்த முறை கைகொடுக்காது. ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் போல, முழு நேரமும் போர்டில் சமன்பாட்டை வரி வரியாக எழுதிக்கொண்டே போகும் வகுப்பில், பதிவில் இருப்பது "இத அங்க போட்டா, இது கேன்சல், அப்ப இது வரும்" என்பது மட்டும்தான். அங்கே போர்டுப் படங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு வரிக்கும் "ஏன் இந்தப் படி" என்று சார் சொன்ன ஒற்றை வாக்கியத்தை மட்டும் டிரான்ஸ்கிரிப்டிலிருந்து எடுத்து ஓரத்தில் எழுத வேண்டும்.